குஞ்சுப் பெட்டி இறங்கும் இரவும் அடுத்த 24 மணி நேரமும்

பல்லடம், உடுமலைப் பக்கத்தில் ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்பவர்களுக்குக் குஞ்சைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. கம்பெனி குஞ்சு பொரிக்கும் எந்த ஹேச்சரியிலிருந்து எந்தத் தாய்க்கோழியின் குஞ்சை அனுப்புகிறதோ அதைத்தான் நாம் இறக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் முதல் வாரத்தில் சாவு கூடினால், குஞ்சு சரியில்லையா அல்லது குஞ்சுக்குச் சூடு கொடுத்துப் பராமரிக்கும் நம் புரூடிங் சரியில்லையா என்ற கேள்வி நம் வளர்ப்புக் கூலியைத் தொடுகிறது. அந்தக் கேள்விக்கான விடை குஞ்சு இறங்கிய முதல் 24 மணி நேரத்திற்குள் குஞ்சின் உடம்பிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு ஹேச்சரியில் நேர்ந்த குறையும் ஷெட்டில் நேர்ந்த குறையும் ஒன்றோடொன்று கலந்துவிடும், பிரித்துச் சொல்வது கடினம். இதை எனக்குத் தெளிவாகக் காட்டியது ஒரு மார்கழி மாதத்துப் பேட்ச். அதை வைத்தே இங்கு எழுதுகிறேன்.

அன்று வந்தவை 40 பெட்டிகள். பெட்டிக்கு 100 குஞ்சும், வழக்கமாகச் சேர்த்துத் தரும் 2 குஞ்சும் ஆக மொத்தம் 4,080. இரவு எட்டு மணிக்கு வண்டி வந்தது. முந்தைய நாள் இரவே புரூடர்களை ஏற்றி, ஷெட்டைச் சூடாக்கி வைத்திருந்தோம். பனிக்காலத்தில் 24 மணி நேரம் முன்னதாகச் சூடேற்றச் சொல்வது காற்றுக்காக மட்டுமல்ல. காற்று ஓரிரு மணி நேரத்தில் சூடாகிவிடும். அதன் அடியில் இருக்கும் கூளமும், கூளத்தின் அடியில் இருக்கும் தரையும் சூடாக நெடுநேரம் பிடிக்கும். குஞ்சு நிற்பதும் படுப்பதும் கூளத்தின் மேல்தான் என்பதால், தொங்கவிட்ட தெர்மாமீட்டர் 33 டிகிரி செல்சியஸ் காட்டினாலும் கூளம் 24 டிகிரியில் இருந்தால் குஞ்சுக்குக் குளிர்தான். குஞ்சின் உயரத்தில் காற்று 32 முதல் 34 டிகிரி, கூளத்தின் மேற்பரப்பு 28 முதல் 30 டிகிரி என்பதை நான் அளவாக வைத்திருக்கிறேன்.

வண்டி நின்றதும் எல்லாப் பெட்டிகளையும் வேகமாக இறக்கிக் கொட்டிவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. குளிர் என்பதால் அந்த அவசரம் புரிகிறது. ஆனாலும் பெட்டியைத் திறக்கும் முன் அதனருகே காதைக் கொடுத்துக் கேட்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். நல்ல சூட்டில் வந்த குஞ்சுகள் விட்டுவிட்டு மெல்லக் கத்தும். கூச்சல் இடைவிடாமல் உச்சக் குரலில் இருந்தால் குளிர்ந்திருக்கலாம் அல்லது பசியிலும் தாகத்திலும் இருக்கலாம். சத்தமே இல்லாமல், திறந்ததும் வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் பெட்டிக்குள் வெப்பம் மிஞ்சியிருக்கிறது. வண்டியின் முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று இடத்துக்கு இடம் காற்றோட்டம் வேறுபடும் என்பதால், மூன்று இடங்களிலிருந்தும் இரண்டிரண்டு பெட்டிகளை எடுத்துத் தனியே வைக்கச் சொல்லிவிடுவேன். சோதனை அந்த ஆறு பெட்டிகளில்தான்.

முதலில் எடை. காலிப் பெட்டியின் எடையைக் கழித்து, குஞ்சு எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி தெரிந்துவிடும். அன்றைய காலிப் பெட்டி 620 கிராம் இருந்தது. முன்பக்கத்துப் பெட்டி குஞ்சுகளோடு 4.78 கிலோ, அதாவது குஞ்சுக்கு 40.8 கிராம். பின்பக்கத்துப் பெட்டி 4.20 கிலோதான், குஞ்சுக்கு 35.1 கிராம். ஆறு பெட்டிகளும் இந்த இரண்டு எடைகளில் ஏதாவது ஒன்றை ஒட்டியே நின்றன, இடைப்பட்டதாக ஒன்றும் இல்லை. பெட்டி மூடியின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்த எழுத்தைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. கனமான பெட்டிகளில் ஓர் எழுத்தும் லேசான பெட்டிகளில் வேறோர் எழுத்தும் இருந்தன. இரண்டு தாய்க்கோழிக் கூட்டங்களின் குஞ்சுகள் ஒரே வண்டியில் வந்திருந்தன. எண்ணிப் பார்த்ததில் கனமானவை 25 பெட்டி, லேசானவை 15 பெட்டி.

"அது புதுசா முட்டை வெக்கிற கோழியோட குஞ்சுங்கண்ணா, சின்னதாத்தான் இருக்கும்" என்றார் வண்டியோடு வந்த தம்பி. அவர் சொன்னது சரி. இளம் தாய்க்கோழி இடும் முட்டை சிறியது, குஞ்சின் எடை முட்டை எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஆகவே குஞ்சும் சிறியது. முட்டையின் அளவுக்கு ஏற்ற எடையோடு வந்த சிறு குஞ்சு நோயாளி அல்ல. பெரிய முட்டையிலிருந்து பொரித்தும் நீர் வற்றி எடை குறைந்து வந்த குஞ்சுதான் கவலைக்குரியது, அதன் அடையாளம் காலில் தெரியும். கணுக்கால் தோல் சுருங்கி, நரம்பு புடைத்துத் துருத்திக்கொண்டு நிற்கும். அன்று வந்த சிறு குஞ்சுகளின் கால்கள் பளபளப்பாகவும் வழவழப்பாகவும் இருந்தன.

எங்கள் பக்கத்தில் பெரும்பாலோர் எடையைப் பார்த்ததும் தரத்தை முடிவு செய்துவிடுகிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. கனமான பெட்டி ஒன்றிலிருந்து 20, லேசான பெட்டி ஒன்றிலிருந்து 20 எனக் கைக்கு வந்ததை எடுத்துப் பார்த்தேன். தேடித் தேடி எடுத்தால் கண் தானாகவே நல்லதையோ மோசமானதையோ தேர்ந்துகொள்ளும் என்பதால், பெட்டியின் நான்கு அறைகளிலிருந்தும் ஐந்தைந்தாக எடுப்பது நல்லது.

ஒவ்வொரு குஞ்சையும் முதலில் உள்ளங்கையில் மல்லாக்கப் போட்டு விட வேண்டும். மூன்று விநாடிக்குள் புரண்டு எழுந்து நின்றால் துடிப்பு போதும். அடுத்து அதைப் புரட்டி வயிற்றுப் பக்கம் மயிரை ஊதி விலக்கித் தொப்புளைப் பார்க்க வேண்டும். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். முட்டைக்குள் மஞ்சள் கரு உடலுக்குள் இழுக்கப்பட்டு, அதன்பின் அந்த வாசல் மூடிக்கொள்ளும். நன்றாக மூடிய தொப்புள் சுற்றியுள்ள தோலோடு ஒன்றாகி, விரலால் தடவினால் எதுவுமே தட்டுப்படாது. அரைகுறையாக மூடியதில் கடுகளவோ அதற்கு மேலோ ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். இன்னும் சிலவற்றில் காய்ந்த நூல் போல ஒன்று தொங்கும். அதைப் பிடித்து இழுக்கக் கூடாது, இழுத்தால் வாசல் திறந்துகொள்ளும். பொருக்கின் அடியிலும் நூலின் அடியிலும் கிருமி நுழைய வழி இருக்கிறது, உள்ளே இருக்கும் மஞ்சள் கருவோ கிருமி பெருகுவதற்கு மிகவும் ஏற்ற உணவு. தொப்புளைப் பார்த்த கையோடு வயிற்றை மெதுவாக அழுத்திப் பார்க்கலாம். தளர்வாக இருந்தால் நல்லது, பலூன் போல விறைத்திருந்தால் மஞ்சள் கரு அதிகமாக மீந்திருக்கிறது. கடைசியாகக் கால் மூட்டு. மூட்டு சிவந்து கன்றியிருந்தால், பொரிக்கும் நேரத்தில் ஓட்டை உடைக்க அது மிகவும் போராடியிருக்கிறது.

பார்த்த 20 சிறு குஞ்சுகளில் 19க்குத் தொப்புள் சுத்தமாக மூடியிருந்தது, ஒன்றில் மட்டும் சிறு பொருக்கு. கனமான 20 குஞ்சுகளில் 14தான் சுத்தம். ஐந்தில் கறுத்த பொருக்கு, ஒன்றில் நூல். இரண்டு குஞ்சுகளுக்குக் கால் மூட்டும் சிவந்திருந்தது. பார்வைக்கு வாட்டசாட்டமாக இருந்த குஞ்சுகளிடம்தான் குறை இருந்தது. வயதான தாய்க்கோழியின் முட்டை பெரியது. அதற்குள் வளரும் கருவும் கூடுதல் வெப்பத்தை வெளியிடும். சிறு முட்டைக்கேற்ற வெப்பத்தில் இன்குபேட்டர் ஓடினால், பெரிய முட்டை அளவுக்கு மீறிச் சூடாகி, குஞ்சு அவசரமாகப் பொரிந்துவிடும். மஞ்சள் கரு முழுவதும் உள்ளே போகும் முன்பே வெளிவந்து, தொப்புள் சரியாக மூடாது. பொருக்கும் சிவந்த மூட்டும் ஒருசேர இருந்ததால் அதைத்தான் நான் ஊகித்தேன். எடை, தொப்புள், மூட்டு ஆகிய மூன்றையும் குஞ்சு அட்டையில் எழுதி, தொப்புள்களைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, அப்போதே கம்பெனி சூப்பர்வைசருக்கு அனுப்பினேன். நேரம் இரவு 8.40. அன்றே அனுப்பியதுதான் பின்னர் பயன்பட்டது.

இரு வகைக் குஞ்சுகளையும் கலந்து விடக் கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. சிறு குஞ்சு பெரிய குஞ்சோடு தட்டில் போட்டியிட முடியாது, அதைவிட முக்கியமாக அதற்குக் கூடுதல் சூடு தேவை. உடம்பு சிறியது என்பதால் அது உண்டாக்கும் வெப்பம் குறைவு. இழக்கும் வெப்பமோ எடைக்கு அதிகம். 12 அடி விட்டமுள்ள எட்டுத் தகடு வட்டங்கள் அமைத்திருந்தோம், ஒன்றுக்கு ஐந்து பெட்டி. கனமானவை ஐந்து வட்டங்களிலும் லேசானவை மூன்று வட்டங்களிலும் சரியாக அடங்கின. லேசானவற்றின் வட்டங்களில் புரூடரைச் சற்றுத் தாழ்த்தி ஒரு டிகிரி கூட்டினோம். கனமானவற்றின் வட்டங்களில் கூளம் துளியும் ஈரமின்றி இருப்பதில் கவனம் வைத்தோம். எங்கள் பகுதியில் கூளமாகப் போடுவது தேங்காய் நார்க்கழிவு. அது வெளிப்பார்வைக்குக் காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் வைத்திருக்கும், பூஞ்சணமும் பிடிக்கும். மூடாத தொப்புள் ஈரக் கூளத்தில் படுவதைப் போல் கெடுதல் வேறில்லை.

சூட்டுக்காகப் பலர் இன்னமும் பல்பை நம்புகிறார்கள். கடையில் இப்போது எளிதில் கிடைப்பது எல்.இ.டி. பல்பு, அது வெளிச்சம் தருமே தவிர சூடு தராது. பழைய குண்டு பல்பு அல்லது இன்ஃப்ராரெட் பல்பு என்றால் குஞ்சுக்கு ஒன்று முதல் இரண்டு வாட் என்று கணக்கிட வேண்டும். கரி அடுப்பு வைப்பவர்கள் ஷெட்டின் பக்கப் படுதாவை மேல்வரை இறுக்கி மூடக் கூடாது. கரிப்புகை வெளியேறாவிட்டால் குஞ்சு மட்டுமல்ல, உள்ளே காவல் இருக்கும் ஆளும் ஆபத்தில் சிக்குவார். மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு, குஞ்சின் மட்டத்தில் மட்டும் காற்று நேராக அடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தண்ணீர் முதலில், தீவனம் மூன்று மணி நேரம் கழித்து என்பது பெரியவர்கள் சொல்லித் தந்த முறை. நீண்ட தூரம் வந்து நீர் வற்றிய குஞ்சுக்கு ஒரு மணி நேரம் தண்ணீரை முன்வைப்பதில் தவறில்லை. கால் பளபளப்பாக இருக்கும் குஞ்சுக்கு இரண்டையும் ஒன்றாக வைப்பதே மேல் என்பது என் அனுபவம். மஞ்சள் கருவை வைத்துக்கொண்டு குஞ்சு மூன்று நாள் உயிரோடிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் வயிற்றில் தீவனம் விழுந்து குடல் அசையத் தொடங்கினால்தான் அந்த மஞ்சள் கரு வேகமாகக் கரைந்து உடலில் சேரும். பட்டினி கிடக்கும் குஞ்சில் அது கரையாமல் கிடந்து கெடும் வாய்ப்பு அதிகம். தொப்புள் குறையுள்ள பேட்ச்சில் தாமதமாகத் தீவனம் வைப்பது இரட்டைக் கேடு. கூளத்தின் மேல் செய்தித்தாளை விரித்து, அதில் மக்காச்சோளக் குருணையையும் ப்ரீ ஸ்டார்ட்டர் தீவனத்தையும் தூவினோம். தாளில் தீவனம் விழும் சத்தமும், ஒரு குஞ்சு கொத்தும் ஒலியும் மற்றவற்றை இழுத்து வரும். வழவழப்பான விளம்பரத் தாளை விரிக்க வேண்டாம், குஞ்சு வழுக்கிக் காலை அகட்டி நின்றுவிடும். மேல்நிலைத் தொட்டியில் மார்கழித் தண்ணீர் சில்லென்றிருக்கும். டிரிங்கர்களை மாலையே நிரப்பி வட்டத்துக்குள் வைத்திருந்ததால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கோடையில் இதற்கு நேர்மாறாக, வெயிலில் கிடந்த குழாயின் சுடுதண்ணீரை முதலில் திறந்து விட்டுவிட வேண்டும்.

குஞ்சு இறக்கியதும் வேலை முடிந்ததாக எண்ணிப் படுக்கப் போகாமல், இரண்டு மணி நேரத்திலும் எட்டு மணி நேரத்திலும் 24 மணி நேரத்திலும் தீனிப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வட்டத்துக்கு 30 குஞ்சுகளைப் பல இடங்களிலிருந்தும் எடுத்து, கழுத்தின் அடியில் வலப்பக்கத்தை ஆள்காட்டி விரலால் மிக மெதுவாகத் தடவ வேண்டும். நல்ல தீனிப்பை உருண்டு மென்மையாக, கூழ் போல இருக்கும். தீவனத்தின் சொரசொரப்பு அப்படியே தட்டுப்பட்டு விறைப்பாக இருந்தால் குஞ்சு தின்றிருக்கிறது, குடிக்கவில்லை. டிரிங்கரின் உயரத்தையும் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். நீர் மட்டும் தளும்பினால் தீவனத்தைக் கண்டுபிடிக்கவில்லை. ஒன்றுமே இல்லையென்றால் பெரும்பாலும் குளிர். எட்டு மணி நேரத்தில் 80 சதவீதத்துக்கு மேலும், 24 மணி நேரத்தில் 95 சதவீதத்துக்கு மேலும் தீனிப்பை நிரம்பியிருக்க வேண்டும்.

காலை ஐந்து மணிக்கு எட்டு மணி நேரச் சோதனை செய்தபோது, ஏழு வட்டங்களில் 30க்கு 26, 27 நிரம்பியிருந்தன. லேசான குஞ்சுகள் இருந்த வடமேற்கு மூலை வட்டத்தில் மட்டும் 19தான். தெர்மாமீட்டர் அங்கும் 33 டிகிரி காட்டியது. தீனிப்பை காலியாக இருந்த ஒரு குஞ்சை எடுத்து அதன் பாதங்களை என் கழுத்தில் வைத்தேன். ஈரத்துணி பட்டது போல் சில்லிட்டது. பக்கத்து வட்டத்துக் குஞ்சின் பாதத்தை வைத்தபோது சூடே தெரியவில்லை, அதாவது என் தோலின் சூட்டுக்கு அது குறையவில்லை. காதில் வைக்கும் குழந்தைகள் தெர்மாமீட்டரை எச்சத் துவாரத்தில் மெல்ல ஒற்றிப் பார்த்ததில் அந்த வட்டத்துக் குஞ்சுகள் 38.6 டிகிரி, மற்றவை 39.8 முதல் 40.2 வரை. இருக்க வேண்டிய அளவு 39.4 முதல் 40.5. விடியற்காலையில் காற்று திசைமாறி, படுதா ஓரக் கயிற்றின் கீழே ஒரு முழ நீளத்துக்குக் குஞ்சின் மட்டத்தில் உள்ளே வீசிக்கொண்டிருந்தது. தெர்மாமீட்டரோ புரூடரின் மறுபக்கம் தொங்கியது. சாக்கு வைத்து இடைவெளியை அடைத்து, ஓர் இன்ஃப்ராரெட் பல்பை அந்தப் பக்கம் கூடுதலாகத் தொங்கவிட்டோம். ஒரு மணி நேரத்தில் குவியலாகக் கிடந்தவை பரவின. அன்று இரவு 24 மணி நேரச் சோதனையில் அதே வட்டத்தில் 30க்கு 29 நிரம்பியிருந்தன.

முதல் வாரச் சாவு கனமான 2,550 குஞ்சுகளில் 51, லேசான 1,530 குஞ்சுகளில் 11. முதலாவது 2 சதவீதம். இரண்டாவது முக்கால் சதவீதத்துக்கும் குறைவு. மூன்றாம் நாளும் நான்காம் நாளும் செத்தவற்றைக் கம்பெனியின் கால்நடை மருத்துவர் அறுத்துக் காட்டியபோது, கனமானவற்றின் வயிற்றில் மஞ்சள் கரு கரையாமல் பழுப்புப் பச்சை நிறத்தில் நீர்த்து நாறியது. பட்டினியில் சாகும் குஞ்சின் மஞ்சள் கரு இப்படி நாறாது, தீனிப்பையும் இரைப்பையும் காலியாக இருக்கும். இவற்றிலோ தீவனம் இருந்தது. ஆகவே ஷெட்டில் அவை தின்றிருக்கின்றன, கிருமி தொப்புள் வழியே முன்னரே உள்ளே போயிருக்கிறது. தண்ணீரில் என்ன மருந்து, எத்தனை நாள் என்பதை மருத்துவரே எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் வேலை இதற்கு உதவாது; மேலும் உள்ளே கெட்டுவிட்ட மஞ்சள் கருவை மருந்து எப்போதும் மீட்பதில்லை, பாதிக்கப்படாதவற்றைக் காப்பதே அதன் வேலை.

ஏழாம் நாள் எடையில் லேசானவை 152 கிராம், கனமானவை 181 கிராம். வந்த எடையோடு ஒப்பிட்டால் இரண்டுமே நான்கு மடங்கைத் தாண்டியிருந்தன. இரவு 8.40க்கு அனுப்பிய படங்களையும் அட்டையையும் மருத்துவரின் குறிப்போடு சேர்த்துச் சூப்பர்வைசர் அலுவலகத்தில் கொடுத்தார். கனமான வட்டங்களின் கூடுதல் சாவு ஹேச்சரிக் கணக்கில் எழுதப்பட்டது. அடுத்த பேட்ச்சிலிருந்து எங்கள் ஷெட்டுக்கு வரும் பெட்டிகளின் மேல் தாய்க்கோழியின் வயதும் வாரக்கணக்கில் எழுதி வருகிறது. அதைப் பார்த்தே எந்த வட்டத்தில் எந்தப் பெட்டியைக் கொட்டுவது என்பதை வண்டியிலிருந்து இறக்கும்போதே முடிவு செய்கிறோம்.